பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பிறந்தநாள்

லயக் காம்பராவிலும் சின்ன மாடி வீட்டிலும் பிள்ளைகளின் பிறந்தநாளைப் பலூன், விளையாட்டு, எளிய அலங்காரம் கொண்டு நடத்துவது எப்படி?

ஊவாவின் தோட்டங்களில் லயக் காம்பரா என்றால் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் ஒரு குசினி. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் தனி வீடு கிடைத்த குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் உண்டு. ஆனாலும் அந்த வீட்டின் முன்னறை, பழைய காம்பராவைவிட அதிகம் பெரிதில்லை. பதுளை நகரில் கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கும், கொழும்பில் மாடி வீடெடுத்து இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதே நிலைமைதான். ஒரே அறை, அடுத்த வீட்டோடு ஒரே சுவர், ஆணி அடிக்க யோசிக்க வேண்டிய வாழ்க்கை.

பிறந்தநாள் மட்டும் பெரிதாகிவிட்டது. முன்பு பள்ளிக்கூடத்தில் டொபி கொடுப்பதோடும், பின்னேரம் சாமிப்படத்துக்கு முன் விளக்கேற்றுவதோடும் முடிந்த நாள் அது. இப்போது கைப்பேசியில் பார்க்கும் மண்டபப் படங்கள் அளவுகோலாகிவிட்டன. ஆளுயர இரும்பு வளையம், அதைச் சுற்றிப் பலூன், நடுவில் பெயர்ப் பலகை, முன்னால் கேக் மேசை. இதை அப்படியே காம்பராவுக்குள் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதை ஓர் எளிய கணக்கால் பார்க்கலாம்.

அறை 120 சதுர அடி. கட்டில் ஏறத்தாழ 24, அலுமாரி 10. வளையத்தையும் மேசையையும் வைத்தால் பத்தடிச் சுவர் நெடுக நாலடி ஆழம் போகும். அது 40 சதுர அடி. மிஞ்சுவது 46. பன்னிரண்டு பிள்ளைகள் வந்தால் ஆளுக்கு நாலடிகூட இல்லை. நிற்கலாம், படம் பிடிக்கலாம், கேக் தின்னலாம், அவ்வளவுதான். இப்போது கட்டிலைக் கழற்றி இஸ்தோப்பில் சாய்த்துவிட்டு, அலங்காரத்தைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டு, ஓர் ஒடுங்கிய மேசையை மட்டும் கீழே போட்டால், அலங்காரம் எடுப்பது 20 சதுர அடி. மிஞ்சுவது 90. ஆளுக்கு ஏழடிக்கு மேல். பிள்ளை உட்காரலாம், எழும்பலாம், சுற்றலாம், ஆடலாம்.

சின்ன வீட்டுப் பிறந்தநாளுக்கு உதவப் போகிறவர் மனதில் வைக்க வேண்டிய விதி இதுதான்: அலங்காரத்துக்கு ஒரு சுவர், பிள்ளைகளுக்குத் தரை முழுவதும். கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த விதியிலிருந்து வருபவை. ஏழு வயதாகும் ஒரு பிள்ளை, பன்னிரண்டு விருந்தாளிப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை என்று ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்ப்போம்.

நம்ம ஊர் ரயில்

கரு என்று ஒன்று எதற்கு? வாங்க வேண்டியவற்றைக் குறைப்பதற்கு. கரு இல்லாமல் கடைக்குப் போனால் எல்லா நிறத்திலும் எல்லாம் வாங்கத் தோன்றும். கரு இருந்தால் இரண்டு நிறத்தோடு கை நின்றுவிடும். வெளிநாட்டுக் கார்ட்டூன் உருவங்களை அச்சடித்த பொருட்களுக்குக் காசும் அதிகம், அடுத்த வருடம் அவை பயன்படுவதும் இல்லை. ஊவாவில் பிறந்த பிள்ளைக்குக் கண் முன்னால் ஓடும் கரு ஒன்று இருக்கிறது. அது ரயில்.

1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய ரயில்பாதை நம் பிள்ளைகளுக்கு இரண்டு அதிசயங்களை வைத்திருக்கிறது. ஒன்று, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் நிற்கும் ஒன்பது வளைவுப் பாலம். மற்றது தெமோதரை ஸ்டேஷன். அங்கே பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. முதலாவது சுவருக்கு, இரண்டாவது விளையாட்டுக்கு.

நிறங்கள் நீலமும் வெள்ளையும். ஒரு பிறிஸ்டல் போர்டில் ஒன்பது வளைவுகளை வெட்டி எடுத்தால் அது பாலம். வளைவு எல்லாம் ஒரே அளவில் வர, ஒரு கோப்பையைக் கவிழ்த்துச் சுற்றிக் கோடு போட்டால் போதும். பிஸ்கட் வரும் சின்ன அட்டைப் பெட்டிகள் மூன்றை வரிசையாக ஒட்டி நீலத் தாள் சுற்றினால் ரயில். இவை இரண்டும் மேசைக்கு மேலே சுவரில். பெட்டிகளின் ஜன்னல்களில் வரப்போகும் பிள்ளைகளின் பெயரை எழுதிவிட்டால், பெயர்ப் பலகைக்கென்று தனியாக ஒன்றும் வேண்டியதில்லை. பிறந்தநாள் பிள்ளையின் பெயர் எஞ்சினில். வந்த பிள்ளை முதலில் தன் பெயரைத் தேடும். அந்தத் தேடலே முதல் ஐந்து நிமிடத்துக்கான விளையாட்டு.

பொருட்களை வாங்கும்போது சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2017 செப்டம்பர் முதல் விழாக்களில் பொலித்தீனை அலங்காரத்துக்குப் பயன்படுத்துவது இலங்கையில் தடை. 2023 ஒக்டோபர் முதல் ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய், பிளாஸ்டிக் மாலை ஆகியவையும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. 2021இல் காற்றடிக்கும் விளையாட்டுப் பொருட்களைத் தடை செய்தபோதும் பலூனுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே பலூன் மாலை கட்டலாம், டிசு பேப்பரில் தோரணம் வெட்டலாம், கேக்கை வாழையிலைத் துண்டில் கொடுக்கலாம்.

நாற்பத்தெட்டுப் பலூன்

மேசைக்கு மேலே ஆறடி நீளத்துக்கு ஒரு பலூன் மாலை போதும். கணக்கு எளிது. பத்து அங்குலப் பலூனை எட்டு அங்குலத்துக்கு ஊதி, நான்கு நான்காகக் கொத்துக் கட்டினால், ஓர் அடிக்கு இரண்டு கொத்து பிடிக்கும். ஆறடிக்குப் பன்னிரண்டு கொத்து, அதாவது 48 பலூன். இடைவெளியை மறைக்க ஐந்து அங்குலச் சின்னப் பலூன் ஓர் இருபது. வெடிப்பதற்கும் ஓட்டை விழுவதற்கும் சேர்த்து, பெரியதில் அறுபது வாங்கிக்கொள்வது நல்லது.

எல்லாப் பலூனும் ஒரே அளவில் இருந்தால்தான் மாலை நேராக வரும். கண்ணளவில் ஊதினால் பத்தாவது பலூனுக்குள் அளவு மாறிவிடும். ஓர் அட்டைப் பெட்டியின் பக்கத்தில் எட்டு அங்குலச் சதுர ஓட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பலூனை ஊதி அந்த ஓட்டைக்குள் விட்டுப் பாருங்கள். உரசாமல் போனால் இன்னும் கொஞ்சம் ஊத வேண்டும். இறுகினால் கொஞ்சம் காற்றை விட வேண்டும். விளிம்பில் லேசாகத் தொட்டுப் போனால் சரி. ஊதுவதற்குக் கைப் பம்ப் ஒன்று கட்டாயம். வாயால் நாற்பத்தெட்டு ஊதினால் தலை சுற்றும். பலூனுக்குள் ஈரமும் போகும்.

பலூன் எப்போது அளவுக்கு மீறிவிட்டது என்பதை அதன் உருவமே காட்டும். உருண்டையாக இருந்தால் ரப்பருக்கு இன்னும் இழுவை மிச்சம் உண்டு. வெலிமடைப் பக்கத்துப் பேரிக்காய் மாதிரி கழுத்துப் பக்கம் நீண்டுவிட்டால் அது எல்லையில் நிற்கிறது. ஒரு நகம் பட்டால் போதும், வெடித்துவிடும். அப்படி வந்ததைக் கட்டாமல் காற்றை விட்டுக் குறையுங்கள்.

கட்டும் முறை இது. இரண்டு பலூனை ஊதி, முடிச்சுப் போடாமலே இரண்டு கழுத்தையும் ஒன்றோடொன்று சுற்றிக் கட்டுங்கள். அது ஒரு சோடி. இரண்டு சோடியைக் குறுக்காக வைத்து நடுவில் ஒரு முறுக்கு முறுக்கினால் நாலு பலூன் கொத்து. மூன்று நீலம், ஒரு வெள்ளை என்று எல்லாக் கொத்தையும் ஒரே மாதிரி அமையுங்கள். பிறகு ஏழெட்டு அடித் தங்கூசி நரம்பு ஒன்றை எடுத்து, அதில் ஒவ்வொரு கொத்தின் நடுவையும் ஒரு சுற்றுச் சுற்றி, முந்தைய கொத்தோடு நெருக்கித் தள்ளுங்கள். வெள்ளைப் பலூன் எல்லாம் முன்பக்கம் பார்த்தபடி வைத்தால், நீலத்துக்கு நடுவே ரயில் புகை ஓடுவது போல ஒரு வெள்ளைக் கோடு வரும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலை.

அதைச் சுவரில் எப்படி நிறுத்துவது என்பதில்தான் லயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் செலோடேப் பிடிக்காது. சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளை ஒட்டினால், டேப் சுவரில் ஒட்டாது, சுண்ணாம்புத் தூளில்தான் ஒட்டும். மழைக்காலத்தில் சுவர் ஈரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். காலையில் ஒட்டியது கேக் வெட்டும் நேரத்தில் மேசையில் கிடக்கும். புது ஆணி அடிப்பதும் நல்லதில்லை. பழைய லயத்துச் சுவர் அடுத்த காம்பராவுக்கும் சுவர். இங்கே அடித்தால் அங்கே பூச்சு உதிரும். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டைத் துளைப்பது கூடவே கூடாது, அதன் தூசி நெஞ்சுக்குக் கேடு. ஏற்கெனவே கலண்டருக்கோ சாமிப்படத்துக்கோ அடித்திருக்கும் ஆணிகள் இரண்டைப் பாருங்கள். அவை போதாவிட்டால் கூரையைத் தாங்கும் மரத்தில் நரம்பைக் கட்டி இறக்குங்கள். மாலைக்கு எடை அதிகமில்லை. இரண்டு முனையிலும் ஒரு முடிச்சு, நடுவில் ஒரு தூக்கு, மூன்று புள்ளிகளில் நின்றுவிடும்.

முதல் நாள் இரவே கட்டி வைக்கலாமா என்று கேட்பார்கள். காற்று ஊதிய ரப்பர் பலூன் வீட்டுக்குள் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதனால் சனிக்கிழமை இரவு கட்டுவதில் பிழையில்லை. ஆனால் தகரக் கூரை வீட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த இரவில் ஊதிய பலூன், நடுப்பகல் சூட்டில் பதினைந்து பாகை கூடினால், இருபதில் ஒரு பங்கு வீங்கும். எட்டு அங்குலத்தோடு நிறுத்தச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். வெயிலிலும் போடக்கூடாது. வெளிச்சமும் காற்றும் பட்ட ரப்பர் சில மணித்தியாலத்திலேயே பளபளப்பை இழந்து, தூசி படிந்தது போல மங்கிவிடும். இஸ்தோப்பில் தொங்கவிடுவதானால் விருந்து தொடங்கச் சற்று முன்னால் மட்டும்.

மலை ஏறினால் வீங்கும்

ஊவாவில் பலூன் வேலை செய்கிறவருக்குக் கொழும்புக்காரருக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. நம் ஊர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம். பண்டாரவளை சுமார் 1,230. அப்புத்தளை சுமார் 1,430. உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். கடலோரத்தில் சுமார் 1,013 மில்லிபாராக இருக்கும் அழுத்தம் பதுளையில் 930 அளவுக்கும் அப்புத்தளையில் 850 அளவுக்கும் இறங்கிவிடுகிறது. வெளியிலிருந்து அமுக்கும் காற்று குறைந்தால் பலூனுக்குள் இருக்கும் காற்று விரியும்.

பதுளையில் ஊதிய பலூன் அப்புத்தளைக்குப் போனால், மேலே இருக்கும் குளிரைக் கழித்த பிறகும், சுமார் நூற்றில் எட்டுப் பங்கு வீங்கும். கொழும்பிலிருந்து வந்தால் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ரப்பர் பலூன் சற்று இழுபட்டு இதைச் சமாளித்துக்கொள்ளும், ஏற்கெனவே பேரிக்காய் உருவத்துக்கு ஊதியிருந்தால் மட்டும் வழியில் வெடிக்கும். சிக்கல் வெள்ளித்தாள் போல மினுங்கும் இலக்கப் பலூனில். ‘7’ என்று எழுத்து வடிவில் விற்பார்களே, அது இழுபடாது. கீழ் நாட்டில் இறுக ஊதி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மேலே வந்தால் அதன் ஓரத் தையல் பிரிந்துவிடும். பிரிந்ததை மறுபடி ஒட்ட முடியாது.

தீர்வு சுலபம். இலக்கப் பலூனை ஊதாமல் மடித்தபடி வாங்கி வந்து, வீட்டில் ஊதுங்கள். காற்று அடைத்துச் சுவரில் மாட்டினால் போதும். மிதக்க வேண்டும் என்று ஹீலியத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. காம்பராவின் கூரை தாழ்வு, மிதந்து போவதற்கு இடமும் இல்லை. மேலே இருந்து கீழே போகிறவர்களுக்கு நேர்மாறு நடக்கும். அப்புத்தளையில் ஊதியது வெல்லவாயவுக்கு இறங்கும்போது தளர்ந்து சுருங்கித் தெரியும். அது ஓட்டை விழுந்ததால் வருவதில்லை. கொஞ்சம் காற்று ஏற்றினால் சரியாகிவிடும்.

இரண்டு மணித்தியாலம், ஐந்து விளையாட்டு

மைதானம் இருக்கும்போது எதற்கு அறைக்குள் விளையாட்டு என்று சிலர் கேட்கலாம். ஒக்டோபர் தொடங்கித் தை மாதம் வரை பதுளைப் பக்கத்தில் பின்னேர மழையை நம்பி எதையும் திட்டமிட முடியாது. மழை இல்லாவிட்டால் வெளியே போவது போனஸ். திட்டம் அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். தோற்ற பிள்ளை என்ன செய்யும்? சங்கீதக் கதிரையில் முதலில் வெளியேறிய பிள்ளை பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பெரிய மண்டபத்தில் அது வேறெங்காவது போய் விளையாடும். காம்பராவில் போக இடமில்லை. அது அலங்காரத்தைத் தொடும், பலூனைக் குத்தும், தம்பியைக் கிள்ளும். அதனால் சின்ன அறைக்கு, ஆட்களை வெளியேற்றாத விளையாட்டே நல்லது. சத்தமான விளையாட்டுக்குப் பிறகு உட்காரும் விளையாட்டு என்று மாறி மாறி வைத்தால் மூச்சும் வாங்காது, அறையும் தாங்கும்.

முதலாவது தெமோதரை ரயில். பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நீளமாக நிற்கிறார்கள். இரண்டு பெரியவர்கள் கை கோத்து உயர்த்திச் சுரங்கமாக நிற்கிறார்கள். ரயில் சுவரோரமாகச் சுற்றி வந்து சுரங்கத்துக்குள் நுழைய வேண்டும். பாட்டு நின்றதும் கை இறங்கும். அகப்பட்ட பிள்ளை வெளியேறுவதில்லை, எஞ்சினாகப் போய் முன்னால் நிற்கிறது. எல்லாரும் எஞ்சினாக ஆசைப்படுவதால் அகப்படவே முண்டியடிப்பார்கள். ஓட வேண்டாம், நடக்க வேண்டும் என்பது மட்டும் சட்டம்.

இரண்டாவது பார்சல். ஒரு சின்னப் பரிசைப் பழைய பத்திரிகையில் சுற்றி, அதன் மேல் இன்னொரு தாள், இன்னொரு தாள் என்று வந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்குச் சமமாகச் சுற்ற வேண்டும். நம் கணக்கில் பிறந்தநாள் பிள்ளையோடு பதின்மூன்று. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு டொபி. வட்டமாக உட்கார்ந்து கைமாற்றுகிறார்கள். பாட்டு நிற்கும்போது கையில் வைத்திருப்பவர் ஒரு தாளைப் பிரிக்கிறார். பாட்டை நிறுத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தக்கூடாது. எந்தப் பிள்ளைக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று பார்த்து நிறுத்துவதே அவர் வேலை. கடைசிப் பரிசு அன்று முதல்முறையாக வந்த பிள்ளைக்கோ கூச்சத்தில் ஒதுங்கி உட்கார்ந்த பிள்ளைக்கோ போய்ச் சேரும்படி செய்வது அவருடைய சாமர்த்தியம்.

மூன்றாவது, சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் நாம் பார்க்கும் யானைக்குக் கண் வைத்தல். கரு ரயில் என்பதால், எஞ்சினுக்கு விளக்கு வைத்தல் என்று மாற்றிக்கொள்ளலாம். பிறிஸ்டல் போர்டில் விளக்கில்லாத எஞ்சினை வரைந்து எதிர்ச் சுவரில் தொங்கவிடுங்கள். பிள்ளையின் கண்ணைப் பள்ளிக்கூட டையால் கட்டி, கையில் மார்க்கர் ஒன்றைக் கொடுங்கள். மைதானத்தில் செய்வது போலச் சுழற்றிவிட வேண்டாம். சின்ன அறையில் அலுமாரி மூலையில் போய் மோதும். வைத்த புள்ளிக்குப் பக்கத்தில் பெயரை எழுதுங்கள். கிட்ட வைத்தவருக்குப் பரிசு, எட்ட வைத்தவருக்குச் சிரிப்பு.

இதற்குள் நான்கு மணி தாண்டியிருக்கும். கேக் இப்போது. முதலிலேயே கேக் வெட்டினால் இனிப்பு ஏறிய பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். கடைசி வரை வைத்தாலும் பசியில் அழுவார்கள். நடுவில் வெட்டுவதே சரி.

நான்காவது பத்திரிகை நடனம். இரண்டு பேருக்கு ஒரு தாள். பாட்டு நின்றதும் இருவரும் தாளின் மேல் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தாளைப் பாதியாக மடிக்கிறோம். கடைசியில் ஒருவர் காலின் மேல் ஒருவர் கால் வைத்து நிற்பார்கள். கதிரை ஒன்றும் தேவைப்படாத சங்கீதக் கதிரை இது. தோற்ற சோடிக்கு அடுத்த சுற்றில் பாட்டை நிறுத்தும் வேலை. சீமெந்துத் தரையில் தாள் வழுக்கும், அதனால் குதிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவது பலூன் விழாமல் தட்டுதல். மாலையிலிருந்து எடுக்காமல், முன்பே ஊதி வைத்த மூன்று பலூனைக் கொடுங்கள். முழு அணியும் சேர்ந்து நிலத்தில் விழாமல் தட்டவேண்டும். ஒரு பலூனில் தொடங்கி மூன்றுக்குப் போகலாம். சற்று பெரிதாக ஊதிய பலூன் மெதுவாக இறங்கும், சின்னப் பிள்ளைக்கும் அகப்படும். அறை நடுவில் வயரில் தொங்கும் மின்குமிழை முன்பே கழற்றிவிட வேண்டும். பகல் வெளிச்சம் போதும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

லயத்தில் பிறந்தநாள் ஒரு வீட்டுக் காரியமாக இருப்பதில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளையை விட்டுவிட்டுக் கேக் வெட்ட எந்தத் தாய்க்கும் மனம் வராது. பன்னிரண்டு பேர் என்று எழுதினாலும் கேக் நேரத்தில் இருபது முகம் இஸ்தோப்பில் தெரியும். இதைத் தடுக்கப் பார்ப்பதைவிடத் திட்டத்தில் சேர்ப்பது நல்லது. விளையாட்டுக்குப் பன்னிரண்டு, கேக்குக்கு முழு லயமும் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். அலங்காரத்தில் மிச்சப்பட்ட காசு ஒரு கிலோ கேக்கை இரண்டாக்கும். பெரியவர்களுக்குச் சின்னத் துண்டாக வெட்டித் தட்டில் வைத்து வாசல் வாசலாகக் கொண்டுபோவது பிறந்தநாள் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

சத்தமும் அப்படித்தான். தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டுத் தூங்குபவர், சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, படுக்கையில் இருக்கும் பாட்டி, யாராவது ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பார். நேரத்தை முன்கூட்டியே போய்ச் சொல்லி, சொன்ன நேரத்தில் முடித்தால் அடுத்த வருடமும் முகம் கோணாமல் இருக்கும். ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. 120 சதுர அடிக்குக் கைப்பேசியின் பாட்டே கேட்கும்.

கண் எடுக்கக்கூடாத மூன்று இடம்

முதலாவது வெடித்த பலூன். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஊதாத பலூனும் வெடித்த துண்டும் மூச்சடைக்கும் ஆபத்து என்று பலூன் பைகளில் எச்சரிக்கை அச்சிடுவது உலக வழக்கம். மெல்லிய ரப்பர் தொண்டையின் வளைவுக்கு ஏற்ப வளைந்து காற்றுவழியை முழுதாக மூடிவிடும் என்பதே காரணம். விருந்து முழுவதும் ஒரு பெரியவருக்கு இதை மட்டுமே வேலையாகக் கொடுங்கள். வெடித்தால் உடனே துண்டுகளைப் பொறுக்குவது அவர் பொறுப்பு. பிள்ளை சத்தமாக இருமினால் காற்று போகிறது என்று அர்த்தம், இருமட்டும். இரும முயன்றும் சத்தம் வராமல் முகம் மாறினால் அடைத்துவிட்டது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். பிரியாவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கைகளைக் கோத்து, உள்நோக்கி மேல்பக்கமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும்போதே இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலை விட்டுத் தேடக்கூடாது, அது இன்னும் உள்ளே போகும்.

இரண்டாவது நெருப்பு. திருவிழாக்களில் மலிவாக மிதக்கும் பலூன் விற்றால் அதில் இருப்பது ஹீலியமா ஹைட்ரஜனா என்று பார்வைக்குத் தெரியாது. ஹைட்ரஜன் பற்றி எரியும். 2012 மே 4ஆம் திகதி ஆர்மேனியாவின் தலைநகர் யெரெவானில் ஓர் அரசியல் கூட்டத்தில் எரியக்கூடிய வாயு நிரப்பிய பலூன்கள் தீப்பிடித்து 140க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அது திறந்தவெளி. ஒரு கதவும் ஒரு ஜன்னலும் உள்ள காம்பராவில் கேக் மெழுகுவர்த்திக்கு மேலே அப்படி ஒரு பலூன் தொங்கலாமா? நுரை தெளிக்கும் ஸ்பிரேயும் மெழுகுவர்த்தி எரியும்போது வேண்டாம், அதைத் தள்ளி வெளியேற்றும் வாயு தீப்பிடிக்கும் வகையாக இருக்கலாம். பொறி பறக்கும் கேக் மெழுகுவர்த்தி, கூரை தாழ்ந்த வீட்டுக்கு ஏற்றதில்லை. சாதாரண மெழுகுவர்த்தி போதும். அதற்கும் பலூன் மாலைக்கும் இடையில் குறைந்தது மூன்றடி இருக்கட்டும், டிசு தோரணம் அந்தப் பக்கமே வரக்கூடாது.

மூன்றாவது மின்சாரம். மின்னொழுக்கால் லயம் எரிந்தது என்ற செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். பழைய வயரில் ஒரே பிளக்கிலிருந்து சீரியல் பல்ப், ஸ்பீக்கர், கேத்தல் என்று இழுக்கக்கூடாது. பகலில் நடக்கும் விருந்துக்குச் சீரியல் பல்ப் எதற்கு? இந்த ஒரு செலவையும் பயத்தையும் சேர்த்தே விட்டுவிடலாம். கண்டிப்பாக வேண்டுமென்றால் பற்றரியில் எரியும் சின்ன பல்ப் மாலை கிடைக்கிறது.

முடிந்ததும் துப்புரவு. பலூன் மரப்பாலில் செய்வதுதான், நம் மொனராகலையில் வடிக்கும் அதே இறப்பர்ப் பால்தான். அதனால் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று விட்டுவிடக்கூடாது. நிறமும் இரசாயனமும் சேர்த்துப் பதப்படுத்திய துண்டு மக்குவதற்கு நெடுநாள் ஆகும், அதற்குள் மாடும் நாயும் கோழியும் விழுங்கிவிடும். அடுப்பில் போட்டு எரித்தால் புகை காம்பராவுக்குள்தான். பெரியவர் ஒருவர் மாலையை இறக்கி, ஒவ்வொரு கொத்தாகக் கத்தரிக்கோலால் கழுத்தில் வெட்டிக் காற்றை விட்டு, எல்லாத் துண்டையும் ஒரே பையில் போட வேண்டும். பெரிய பலூனில் ஒரு சோடிக்கு ஒரு கட்டு என்பதால் இருபத்துநான்கு கட்டு இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், குறைந்தால் தேடுங்கள். தங்கூசி நரம்பையும் பிறிஸ்டல் போர்ட் பாலத்தையும் எடுத்து வைத்தால் அடுத்த பிறந்தநாளுக்கு ஆகும்.

தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாயென்று 2024இல் தீர்மானிக்கவே எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிப் போராடிப் பெறும் காசில் ஒரு பின்னேரத்துக்கு இரும்பு வளையத்தை வாடகைக்கு எடுப்பதா, பிள்ளைகளுக்குக் கேக்கும் பரிசும் வாங்குவதா என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். ஆனால் அலங்காரக்காரரை அழைப்பதாக இருந்தால், விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “உங்க சாமான் தரையில எத்தனை அடி பிடிக்கும்?” இரண்டடிக்கு மேல் சொன்னால், அந்த வேலை உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.